நாவின் அடிப்புறம் தொடும் ஒலிகள்

ட, ண, ள, ழ ஆகிய நான்கும் வளைநா மெய்கள். நாக்கின் நுனி மேலெழுந்து, பின்பக்கமாக வளைந்து, வாயின் மேற்கூரையைத் தொடும்போதோ அதை நெருங்கி நிற்கும்போதோ இவை பிறக்கின்றன. த, ந இரண்டும் பல்லொலிகள். இவற்றைச் சொல்லும்போது நாக்கின் முன்பகுதி தட்டையாக விரிந்து மேல்முன்பற்களின் பின்புறத்தில் படிகிறது. ன, ல, ர, ற ஆகியவை இவ்விரு வகைக்கும் நடுவே நிற்கும் நுனியண்ண ஒலிகள். பல்வரிசைக்குப் பின்னால் ஈறு மேடாகப் புடைத்திருக்கும் இடத்தை நாவின் நுனி தொட்டு இவற்றை எழுப்புகிறது. பல்லில் தொடங்கி, ஈறு மேட்டைக் கடந்து, ட பிறக்கும் இடம் வரை அளந்தால் மொத்தத் தொலைவு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். இந்தச் சிறிய பரப்புக்குள் மூன்று வகை ஒலிகளைத் தனித்தனியே நிறுத்திவைத்து, அவற்றால் பொருளையும் வேறுபடுத்தும் மொழிகள் உலகில் அதிகம் இல்லை.

பத்தி, பற்றி, பட்டி என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் நடுச்சொல்லைப் படிக்கும்போது ற்ற என்பது பெரும்பாலும் ‘ட்ர’ போல ஒலிக்கிறது. பேச்சில் அது முதற்சொல்லோடு கலந்து ‘பத்தி’ என்றே ஆகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லை. அங்கே ற்ற என்பது ஈறு மேட்டில் நாநுனி அழுந்தப் பிறக்கும் தூய வல்லொலி. ஆங்கிலத்தின் ‘டீ’ என்ற சொல்லின் முதல் ஒலிக்கு மிக அருகில் இருப்பது. மலையாளத்திலும் இதே நிலைதான். அங்கே குத்தி, குற்றி, குட்டி என்ற மூன்றும் ‘குத்தி’, ‘முளை’, ‘குழந்தை’ என்ற மூன்று பொருளைத் தருகின்றன. உயிரொலியில் எந்த மாற்றமும் இல்லை, நடுவில் உள்ள மெய் பிறக்கும் இடம் மட்டுமே மாறுகிறது. ஒலியியல் ஆய்வாளர்கள் மலையாளத்தைத் திரும்பத் திரும்ப நாடிச் சென்றதற்கு இதுவே காரணம். மூன்று வகையையும் ஒரே மனிதரின் வாயில், ஒரே சூழலில், அருகருகே வைத்து அளக்க வேறு மொழிகளில் அவ்வளவு எளிதில் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்த ஒலிகளைக் கவனித்த விதம் இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. த, ந இரண்டுக்கும் நாவின் முன்பகுதி பரந்து பல்லின் அடியைச் சேர்வதையும், ட, ண இரண்டுக்கும் நாநுனி அண்ணத்தைச் சேர்வதையும் அது தனித்தனியே சொல்கிறது. அதற்கு மேலும் ஒரு படி சென்று, தொடும் விதத்தையும் பிரிக்கிறது. ற, ன இரண்டுக்கும் நுனிநா அண்ணத்தை ஒற்றுகிறது என்றும், ர, ழ இரண்டுக்கும் வருடுகிறது என்றும் கூறுகிறது. ஒற்றுதல் என்பது அழுந்தத் தொட்டு மூச்சை அடைப்பது. வருடுதல் என்பது மேலாகத் தடவிச் செல்வது. இன்றைய ஒலியியல் பிறப்பிடம், பிறப்பு முறை என்று இரண்டு தலைப்புகளில் பிரித்து எழுதுவதை அந்நூல் இரண்டு வினைச்சொற்களால் செய்துவிட்டது.

நுனியா, அடிப்புறமா?

வளைநா ஒலி என்றதும் நாக்கின் நுனி மேலே தொடுகிறது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. ‘பட்டம்’ என்று மெதுவாகச் சொல்லி, ட்ட என்ற அடைப்பில் நாக்கை அப்படியே நிறுத்திப் பார்த்தால் வேறொன்று தெரியும். அண்ணத்தில் ஒட்டியிருப்பது நுனியின் மேற்புறம் அல்ல. நுனிக்குக் கீழே உள்ள, வழவழப்பான அடிப்புறம். நுனியோ தொண்டைப் பக்கம் திரும்பி நிற்கிறது.

இதை உறுதிப்படுத்த ஒலியியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை எளிமையானது. நன்றாகப் பொடித்த கரியைச் சமையல் எண்ணெயில் குழைத்து நாக்கின் மேலும் கீழும் தூரிகையால் பூசுகிறார்கள். பேசுபவர் ஒரே ஒரு சொல்லை ஒரே ஒரு முறை சொல்கிறார். உடனே சிறு கண்ணாடி ஒன்றை வாய்க்குள் நீட்டி மேலண்ணத்தைப் படம் எடுக்கிறார்கள். நாக்கு பட்ட இடமெல்லாம் கறுத்திருக்கும். வாயைக் கழுவிவிட்டு, இம்முறை அண்ணத்தில் கரியைப் பூசி, அதே சொல்லைச் சொல்லச் செய்து, நாக்கைப் படம் எடுக்கிறார்கள். முதற்படம் எங்கே தொட்டது என்பதைக் காட்டும். இரண்டாம் படம் எதனால் தொட்டது என்பதைக் காட்டும். இரண்டும் வேண்டும். முதற்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாநுனி தொட்டதா, அடிப்புறம் தொட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ‘பட்டி’ இச்சோதனைக்கு ஏற்ற சொல் அல்ல. இகரத்தைச் சொல்லும்போது நாக்கின் இரு விளிம்புகளும் உயர்ந்து கடைவாய்ப் பற்களின் ஓரம் அண்ணத்தைத் தொடும். அந்தக் கறையும் படத்தில் சேர்ந்துவிடும். ‘பட்டம்’ போல, அகரத்தை இருபுறமும் கொண்ட சொல்லில் ட விட்ட தடம் மட்டும் தெளிவாக விழும். சொல்லில் உள்ள மற்ற மெய்கள் ப, ம போல இதழில் பிறப்பவையாக இருப்பதும் நல்லது. அவற்றில் நாக்குக்கு வேலை இல்லை.

தமிழின் வளைநா ஒலிகளை இவ்வகைத் தடங்களாலும் எக்ஸ்ரே படங்களாலும் ஆராய்ந்து, செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் தம் சகா ஸ்வார்னியுடன் சேர்ந்து 1955இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பீட்டர் லடிஃபோகட், பெரி பாஸ்கரராவ் இருவரும் 1983இல் வெளியிட்ட எக்ஸ்ரே ஆய்வு இன்னொரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது. இந்தி பேசுவோரின் ட, தமிழ், தெலுங்கு பேசுவோரின் ட இரண்டும் ஒன்றல்ல. இந்தியில் நாக்கு பெரிதாக வளைவதில்லை. நுனி ஈறு மேட்டுக்குச் சற்றே பின்னால் தொடுகிறது. தமிழிலும் தெலுங்கிலும் நாக்கு முழுமையாக வளைந்து, அதன் அடிப்புறம் வன்அண்ணத்தைத் தொடுகிறது. வளைநா என்ற ஒரே பெயரில் வழங்கும் ஒலிகள் மொழிக்கு மொழி வளைவின் அளவில் வேறுபடுகின்றன. சென்னையில் வாழும் இந்திக்காரர் சொல்லும் ட கொஞ்சம் மெல்லியதாகவும், தமிழர் இந்தி பேசும்போது வரும் ட சற்று அழுத்தமாகவும் படுவது இதனால்தான்.

நிற்கும் ஒலி அல்ல, நகரும் ஒலி

த என்ற ஒலிக்கு நாக்கு பல்லில் படிகிறது. படிந்த இடத்திலேயே இருக்கிறது. அதே இடத்திலிருந்து விலகுகிறது. ட அப்படிப்பட்டதல்ல. ‘பட்டம்’ என்ற சொல்லில் அகரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நாநுனி எழுந்து பின்னோக்கிப் போகத் தொடங்கிவிடுகிறது. அது வன்அண்ணத்தைத் தொட்டு மூச்சை அடைத்தபின்பும் ஓய்வதில்லை. அடைப்பு நீடிக்கும் நேரத்திலேயே அது அண்ணத்தை ஒட்டியபடி முன்னோக்கி நகர்ந்து, ஈறு மேட்டை நெருங்கும் இடத்தில் விடுபட்டுக் கீழே வருகிறது. தொட்ட இடம் ஒன்று, விட்ட இடம் வேறொன்று. ‘படம்’ என்பதில் உள்ள ஒற்றை ட இன்னும் விரைவானது. அங்கே நாக்கின் அடிப்புறம் அண்ணத்தைத் தட்டிவிட்டு அதே வீச்சில் முன்னே வந்து விழுகிறது.

ஆகவே வளைநா ஒலியை ஓர் இடத்தின் பெயரால் மட்டும் குறிப்பது அதன் பாதியை விட்டுவிடுவதாகும். பின்னே போய் முன்னே வரும் பயணம் முழுவதும் சேர்ந்தே அந்த ஒலி. இந்தப் பயணத்தின் தடத்தைப் பின்னால் வரும் செய்திகள் எல்லாவற்றிலும் காணலாம்.

வளைநா ஒலிக்கு நுனி மட்டும் வளைந்தால் போதாது. நுனிக்குப் பின்னால் நாவின் நடுப்பகுதி தாழ்ந்து குழிய வேண்டும். நாவின் உடல் சற்றுப் பின்வாங்க வேண்டும். நுனிக்கு அடியில், கீழ்ப்பற்களுக்கும் நாவின் அடிப்புறத்துக்கும் இடையே, ஒரு வெற்றிடமும் உண்டாகிறது. பல்லொலியிலும் நுனியண்ண ஒலியிலும் இந்த வெற்றிடம் மிகச் சிறியது அல்லது இல்லவே இல்லை. வளைநா ஒலியைக் காது இனம் காண்பதற்கு இந்த வெற்றிடம் பெரிதும் துணை செய்கிறது.

காதுக்கு என்ன போய்ச் சேர்கிறது?

குரல்வளையில் எழும் ஒலி பல அதிர்வெண்கள் கலந்த ஒன்று. அது தொண்டையையும் வாயையும் கடந்து வரும்போது, அந்தக் குழாயின் நீளத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்ப, சில அதிர்வெண்கள் வலுப்பெறுகின்றன. வலுப்பெற்ற இந்தப் பட்டைகளுக்கு ஃபார்மண்ட் என்று பெயர். தாழ்ந்ததிலிருந்து எண்ணி முதலாம், இரண்டாம், மூன்றாம் ஃபார்மண்ட் என்கிறார்கள். வளர்ந்த ஆணின் குரல்வளையிலிருந்து இதழ் வரை சுமார் 17.5 சென்டிமீட்டர். நாக்கு எங்கும் குறுக்கிடாமல் குழாய் ஒரே அகலமாக இருந்தால் ஃபார்மண்ட்கள் ஏறத்தாழ 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் விழும். முதலிரண்டும் எந்த உயிரெழுத்து என்பதைப் பெருமளவு சொல்லிவிடுகின்றன. வளைநா ஒலியைக் காட்டிக்கொடுப்பது மூன்றாவது.

நாக்கு ஓரிடத்தில் அடைக்கும்போது குழாய் இரண்டாகப் பிரிகிறது. அடைப்புக்கு முன்னால், இதழ் வரை உள்ள சிறிய அறை தனக்கென ஓர் அதிர்வெண்ணை வைத்துக்கொள்கிறது. குப்பியின் வாயில் ஊதும்போது உள்ளே வெற்றிடம் கூடினால் ஓசை தாழ்வதுபோல, இந்த முன்னறை நீண்டால் அதன் அதிர்வெண் குறையும். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தை அறையின் நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். வாய்க்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 35,000 சென்டிமீட்டர் செல்கிறது. நுனியண்ண ஒலியில் முன்னறையின் நீளம் இரண்டு சென்டிமீட்டர் என்று கொண்டால், 35,000ஐ 8ஆல் வகுக்க, 4375 ஹெர்ட்ஸ் வருகிறது. வளைநா ஒலியில் அடைப்பு பின்னால் நகர்ந்துவிட்டது. அதோடு நாவின் அடியில் உள்ள வெற்றிடமும் முன்னறையோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டும் கூடிய நீளத்தை 4.4 சென்டிமீட்டர் என்று வைத்தால், கிடைப்பது ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸ். அடைப்பின் இடம் பின்னால் போனதோடு நின்றிருந்தால் இவ்வளவு சரிவு வராது. பல்லொலியில் முன்னறை ஒரு சென்டிமீட்டரைச் சுற்றியே இருப்பதால் அதன் அதிர்வெண் மிக உயரத்தில் போய்விடுகிறது. பேச்சில் அது ஏறக்குறைய உணரப்படாது. மனித வாய் ஒழுங்கான குழாய் அல்ல என்பதால் இவை தோராயமான எண்களே. ஆனால் மூன்று ஒலிகளும் எந்த வரிசையில் விழும், ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகும் என்பதை இக்கணக்கு சரியாகவே காட்டுகிறது.

இனி பத்தி, பற்றி, பட்டி மூன்றையும் யாழ்ப்பாணத்தார் ஒருவர் சொல்லிப் பதிவுசெய்ததாகக் கொண்டு, ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் ஒலிப்படத்தில் பார்க்கலாம். அதில் இடமிருந்து வலமாக நேரமும், கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும் செல்லும்; ஃபார்மண்ட்கள் கறுத்த பட்டைகளாகத் தெரியும். மூன்று சொல்லிலும் முதல் அகரத்தின் நடுவில் பட்டைகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்கும்: இரண்டாவது 1300 ஹெர்ட்ஸ் அருகில், மூன்றாவது 2500 அருகில். மெய்யை நெருங்க நெருங்கத்தான் அவை பிரிகின்றன. ‘பத்தி’யில் இரண்டாம் பட்டை சற்றே உயர்கிறது, மூன்றாவது ஏறக்குறைய நேராகவே போகிறது. ‘பற்றி’யில் இரண்டாவது இன்னும் கொஞ்சம் உயரலாம், மூன்றாவது தாழ்வதில்லை. ‘பட்டி’யில் மூன்றாம் பட்டை திடீரென 2000ஐ நோக்கிச் சரிகிறது, இரண்டாம் பட்டை மேலேறி அதைச் சந்திக்கப் போகிறது. இரண்டும் நெருங்கி, கிள்ளிப் பிடித்ததுபோல ஒன்றுகூடும் இடத்தில் அடைப்பு வந்து ஒலி நின்றுவிடுகிறது. அந்தச் சரிவைப் படத்தில் பார்த்ததுமே அங்கே வளைநா ஒலி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அடைப்பு விடுபடும் கணத்தில் சிறு வெடிப்பொலி எழுகிறது. அதிலும் மூன்றும் வேறுபடுகின்றன. த என்பதன் வெடிப்பு வலுக்குறைந்தது. எந்த அதிர்வெண்ணிலும் குவியாமல் பரவிக் கிடக்கும். நுனியண்ண வல்லொலியின் வெடிப்பு கூர்மையானது. 4000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் வலுவாக இருக்கும். ட என்பதன் வெடிப்பு அதைவிடத் தாழ்வாக, மூன்றாம் ஃபார்மண்ட் இருக்கும் பகுதியைச் சுற்றிக் குவிகிறது.

ண, ள, ழ மூன்றிலும் வெடிப்பு இல்லை. மூச்சு ண என்பதில் மூக்கு வழியாகவும், ள என்பதில் நாவின் ஓரங்கள் வழியாகவும், ழ என்பதில் நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே விட்ட இடைவெளி வழியாகவும் தடையின்றிச் செல்கிறது. இங்கே காது நம்பக்கூடியது பட்டைகளின் சரிவை மட்டுமே. வெடிப்பு என்ற இரண்டாவது சான்று இல்லாததால் ண-ன, ள-ல ஆகிய இணைகள், ட-த இணையைவிட எளிதில் குழம்புகின்றன. பேச்சுவழக்கில் பல இடங்களில் இவை கலந்துபோயிருக்க, ட-த வேறுபாடு எல்லா வட்டாரங்களிலும் உறுதியாக நிற்பதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் மூவரும் எம்ஆர்ஐ படங்களாலும், நாக்கில் ஒட்டிய சிறு உணரிகளின் அசைவை அளக்கும் கருவியாலும் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். ள, ழ இரண்டிலும் நாக்கின் முன்பகுதி பின்னோக்கி வளைவதும், அதன் அடியில் வெற்றிடம் உண்டாவதும் அப்படங்களில் நேரடியாகத் தெரிந்தன. ழ பிறக்கும்போது நாக்கு எங்கும் முழுமையாக அடைப்பதில்லை. அதனால் மூன்றாம் பட்டையின் தாழ்வு அந்த ஒலி நீடிக்கும் நேரம் முழுவதும் தொடர்ந்து கேட்கிறது. ழகரத்துக்கு உள்ள தனித்த ஓசை அந்தத் தாழ்வின் ஓசைதான்.

இவற்றை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வெய்னிங்கும் எழுதிய Praat என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; சாதாரண கணினியில் ஓடும். இதில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மென்பொருள் ஃபார்மண்ட்களைச் சிவப்புப் புள்ளிகளாகத் தானே குறித்துக் காட்டும். வளைநா ஒலியை நெருங்கும்போது இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிக்கொள்வதால், அது சில வேளை இரண்டையும் ஒன்றாக எண்ணி, நான்காவதை மூன்றாவது என்று சொல்லிவிடும். அப்போது தாழ வேண்டிய எண் உயர்ந்ததாகக் காட்டும். புள்ளிகள் வழுவழுப்பாகச் சரியாமல் ஒரே தாவலாக ஆயிரம் ஹெர்ட்ஸ் குதித்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே புள்ளிகளை விட்டுவிட்டு, பின்னால் உள்ள கறுத்த பட்டையைக் கண்ணால் பின்தொடர வேண்டும். மேல் எல்லையை ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ் என்று வைப்பதும் இப்பிழையைக் குறைக்கும்.

முன்னால் உள்ள உயிரில் இருக்கும் அடையாளம்

ட அடைபடும்போது நாக்கு வன்அண்ணத்தில் இருக்கிறது. விடுபடும்போது ஈறு மேட்டை நெருங்கிவிட்டது. அதனால் பட்டைகளின் சரிவு, ட என்பதற்கு முன்னால் வரும் உயிரில் ஆழமாகவும், பின்னால் வரும் உயிரில் மங்கலாகவும் இருக்கிறது. ‘பட்டி’யின் இறுதி இகரத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டால், அதற்கு முன் இருந்தது ட்ட என்பதா, யாழ்ப்பாணத்து ற்ற என்பதா என்று சொல்வது கடினம். முதல் அகரத்தை வெட்டி எடுத்துக் கேட்டால் ஐயமே எழாது. பல்லொலிக்கு இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. அது தொட்ட இடத்திலேயே விடுகிறது.

இதிலிருந்து தமிழ் இலக்கணத்தின் ஒரு விதிக்கு நல்ல விளக்கம் கிடைக்கிறது. தமிழ்ச் சொற்கள் ட, ண, ள, ழ ஆகியவற்றில் தொடங்குவதில்லை. நுனியண்ண ஒலிகளான ன, ல, ர, ற ஆகியவற்றிலும் தொடங்குவதில்லை. நாநுனியின் வேலையால் பிறக்கும் ஒலிகளில் சொல்லுக்கு முதலில் வரும் உரிமை த, ந என்ற பல்லொலிகளுக்கு மட்டுமே உண்டு. சொல்லின் தொடக்கத்தில் முன்னால் உயிர் கிடையாது. வளைநா ஒலியின் அடையாளத்தைத் தாங்க வேண்டிய இடமே அங்கு இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் தமிழோடு எந்த உறவும் இல்லாதவை. அவற்றிலும் பலவற்றில் வளைநா, நுனியண்ண ஒலிகள் சொல்லின் நடுவில் வேறுபட்டு நின்று, சொல்லின் தொடக்கத்தில் அந்த வேறுபாட்டை இழந்துவிடுகின்றன. இரு நிலங்களிலும் ஒரே ஒழுங்கு தோன்றுவதற்கு நாக்கின் இயக்கமும் காதின் இயல்புமே காரணம் என்று கொள்வது பொருத்தம்.

முன்னால் உள்ள உயிர் வளைநா ஒலியின் சுமையைத் தாங்குவதால், அந்த உயிரே மாறிப்போவதும் உண்டு. இகரத்துக்கும் எகரத்துக்கும் நாவின் உடல் முன்னால் உயர்ந்து நிற்க வேண்டும். வளைநா ஒலிக்கு அது தாழ்ந்து பின்வாங்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. பேச்சுத் தமிழில் பிடி ‘புடி’ ஆகிறது, பெண் ‘பொண்ணு’ ஆகிறது, பெட்டி ‘பொட்டி’ ஆகிறது, பிள்ளை ‘புள்ள’ ஆகிறது, மிளகாய் ‘மொளகா’ ஆகிறது, வீடு சில வட்டாரங்களில் ‘வூடு’ ஆகிறது. எல்லாவற்றிலும் முதலில் ப, ம, வ என்ற இதழொலி. உயிருக்குப் பின்னால் வளைநா ஒலி. பின்னால் வருவது பல்லொலியோ நுனியண்ண ஒலியோ ஆனால் உயிர் பெரும்பாலும் அசைவதில்லை: வித்தை ‘வுத்தை’ ஆவதில்லை, வில் ‘வுல்லு’ ஆவதில்லை, பின்னல் ‘புன்னல்’ ஆவதில்லை, பிண்ணாக்கு மட்டும் ‘புண்ணாக்கு’ ஆகிவிடுகிறது. இதழைக் குவித்தால் முன்னறை இன்னும் நீளும். அதன் அதிர்வெண் இன்னும் தாழும். இகரம் உகரமாகும்போது நாக்கின் இழுபறி தீர்கிறது, வளைநா ஒலிக்கு வேண்டிய தாழ்வும் கூடுகிறது. எல்லாச் சொல்லிலும் இது நிகழவில்லை; வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. ஆயினும் கொச்சை என்று ஒதுக்கப்படும் இம்மாற்றத்துக்குள் இவ்வளவு ஒழுங்கான ஒலியியல் இருக்கிறது.

ஆங்கிலத்தின் நுனியண்ண வல்லொலியைத் தமிழர் இரண்டு விதமாக எழுதுவதும் இந்த மூவகைப் பிரிவையே சார்ந்தது. தமிழ்நாட்டார் பேச்சில் இருப்பவை த, ட என்ற இரண்டு இடங்கள்தான். அவ்விரண்டில் ஆங்கில ஒலி ட என்பதற்கே நெருக்கம்: நாநுனியால் பிறக்கிறது, வெடிப்பு கூர்மையானது. எனவே டாக்டர், டிக்கெட், டொராண்டோ. யாழ்ப்பாணத்தாரிடம் மூன்றாவது இடம் உயிரோடு இருக்கிறது. ஆங்கில ஒலியை அவர்கள் அங்கேயே வைத்தார்கள். அதே கனடிய நகரம் அவர்கள் எழுத்தில் ரொறன்ரோ, இணையம் இன்ரநெற். இரண்டும் பிழையற்றவை, எழுதுபவரின் காது எத்தனை இடங்களைப் பிரிக்கப் பழகியது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன.

அந்தப் பழக்கம் மிக இளமையிலேயே படிந்துவிடுகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியின் பல்லொலியையும் வளைநா ஒலியையும் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலோரிடம் அந்தத் திறன் மங்கிவிட்டது. வீட்டில் அந்த வேறுபாடு பயன்படாததால் காது அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறது.

ழ என்ற ஒலி தமிழ்க் குழந்தைகளிடம் குறைந்து வருவதிலும் இதற்குப் பங்கு உண்டு. தமிழகத்தின் பல பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் அன்றாடப் பேச்சில் ழ என்பது ள என்றே ஒலிக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைத் திருத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ‘ழ’ என்ற தனி எழுத்தைச் சொல்லிக்காட்டி, பிள்ளைகளைத் திரும்பச் சொல்லச் செய்கிறார்கள். இது கடினமான பாதை. தனி எழுத்தாகச் சொல்லும்போது முன்னால் உயிர் இல்லை. பிள்ளை கேட்டு இனம் காண வேண்டிய அடையாளத்தின் பெரும்பகுதி அங்கே காணாமல் போகிறது. அகரத்தை நீட்டிச் சொல்லத் தொடங்கி, ஒலி நிற்காமலேயே நாநுனியை மெல்லப் பின்னோக்கி வளைத்து, எங்கும் தொடாமல் நிறுத்தினால் ‘அழ்’ என்ற ஓசை தானே வரும். ஓசை தாழ்ந்து இருள்வதும் காதுக்குத் தெரியும். நாக்கு மேலே தொட்டுவிட்டால் அது ள ஆகிவிடும். யாழ், தமிழ், ஏழு, பழம் என்று உயிருக்குப் பின்னால் ழ வரும் சொற்களை முதலில் பயிற்றிவிட்டு, தனி எழுத்தை அதற்குப் பிறகு சொல்லித்தருவதே ஆசிரியர்களும் பெற்றோரும் கைக்கொள்ள வேண்டிய முறை.